சாகருக்கு ஒன்றேகால் மணி ஓய்வு

சேசப்ப கோட்டியான் மதியம் ஒன்றேகாலுக்கு யாருடனாவது உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பதினைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறோம். அவர் வீட்டு மாடு கன்று போட்டதுகூட எனக்குத் தெரியும். ஆனால் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் என்ன இருக்கும் என்று தெரியாது. அதற்குக் காரணம் சாகர்.

சாகர் என்பது எங்கள் ஆபீசின் சர்வர். மங்களூர் பெஜையில், கட்டடங்களுக்குக் கம்பி, கான்கிரீட் கணக்குப் போட்டு வரைபடம் வரைந்து கொடுக்கிற ஆபீஸ் எங்களுடையது. இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று பேரும் வரைகிற, தட்டச்சு செய்கிற, ஸ்கேன் செய்கிற ஒவ்வொரு கோப்பும் சாகருக்குள்தான் இருக்கும். சொந்தக் கணினியில் எதையும் வைக்கக் கூடாது என்பது முதலாளி உபேந்திர பிரபுவின் கட்டளை. ஆகவே சாகர் நின்றால் ஆபீஸ் நிற்கும். சாகரை நிறுத்தும் அதிகாரம் இருந்த ஒரே ஆள் சேசப்பண்ணன்.

அவர் இந்த வேலைக்குப் படித்து வந்தவர் இல்லை. கூரை ஓடு சுடும் தொழிற்சாலையில் எடை மேடைக் குமாஸ்தாவாக இருந்தார். தொழிற்சாலை மூடிய பிறகு இங்கே கம்பி அட்டவணை தட்டச்சு செய்ய வந்தார். முதல் கணினி வந்தபோது அதைத் தொட எல்லோருக்கும் பயம். இவர் மட்டும் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். அன்றிலிருந்து அது இவர் தலையில் விழுந்தது. குட்டையான உருவம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி. யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். அந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் தர்மபுரிக்காரி, எனக்கு வாய் சும்மா இருக்காது.

நான் சேர்ந்த புதிதில் இந்த ஆபீசில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. "கட்டடம் சாப்பிடறதுக்கு நிக்குதா?" என்று பிரபு சார் கேட்பார். இது என்ன கேள்வி என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்றும் யாரும் கேட்கவில்லை. அவரவர் மேசையில், அவரவர் நேரத்தில், ஒரு கை மவுசில் ஒரு கை சோற்றில். என் விசைப்பலகையில் மோர் காய்ந்து 'எஸ்' எழுத்து வேலை செய்யாது. பக்கத்து மேசை கணக்காளர் ஐவி ரொசாரியோவின் விசைப்பலகையில் பங்குடை மீன் குழம்பு. அக்கா என்பதற்கு இங்கே பாயி; ஐவி பாயி என்றுதான் அவரை ஆபீஸ் முழுக்கக் கூப்பிடும். அவர் தும்மினால் மிளகாய் நெடி என் மேசை வரை வரும்.

2011-இல் ஒருநாள் மதியம் சாகர் திடீரென்று நின்றது. சேசப்பண்ணன் அதை மறுபடி கிளப்பியபோது, அது தன் வட்டுகளை முழுவதும் சரிபார்க்க ஆரம்பித்து, நாற்பது நிமிடம் யாரையும் உள்ளே விடவில்லை. இருபது பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். செய்ய ஒன்றுமில்லை. யாரோ பாத்திரத்தைத் திறந்தார்கள். இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். வரைபட மேசை ஒன்றைத் துடைத்து, எல்லோருமாக உட்கார்ந்து, பசலைக்கீரைக் குழம்பைக் கை மாற்றிக்கொண்டு சாப்பிட்டோம். ஐவி பாயிக்குப் பாட வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ஒன்றேகாலுக்குச் சாகர் மறுபடி நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் பிரபு சார் சர்வர் அறைக்கே போய்விட்டார்.

"என்ன சேசப்பா, தினம் தினம்?"

"சூடு சார். மத்தியானம் கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கலேன்னா வட்டு போயிடும்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம் சார்."

"குடு, குடு. டேட்டா போச்சுன்னா நாம போனோம்."

அவ்வளவுதான். எங்களுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது. பதிமூன்று வருடம் கிடைத்தது. நடுவில் பழைய சாகர் போய்ப் புது சாகர் வந்தது. பெயர் மட்டும் அதுவே. புதியது ஆறு நிமிடத்தில் மறுபடி எழுந்து நிற்கிற இயந்திரம். ஆனாலும் ஓய்வு நாற்பது நிமிடமே நீடித்தது. மீதி முப்பத்து நான்கு நிமிடம் சேசப்பண்ணன் நாங்கள் கோப்புகளைத் திறக்கிற வழியான பகிர்வை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் திருப்புளியோடு உட்கார்ந்திருப்பார். யாராவது எட்டிப் பார்த்தால் எதையாவது திருகுவார். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

இதை ஒரு கட்டளை எழுதி இயந்திரத்தையே செய்ய விடலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"மிஷினுக்கு மணிதான் தெரியும் கோமளாக்கா. யாரு சேவ் பண்ணல, யாரு பாதியில இருக்காங்கன்னு அதுக்கு என்ன தெரியும்?" என்றார்.

அது உண்மை. ஒன்று பத்துக்கு வெளியே வந்து "சேவ் பண்ணுங்கோ" என்று ஒரு சத்தம் கொடுப்பார். பிறகு உள்ளே போய், யார் யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். "ஐவி பாயி, உங்க சம்பளப் பட்டியல் இன்னும் திறந்திருக்கு." "கோமளாக்கா, நாலாம் மாடிப் படிக்கட்டை மூடுங்க." பட்டியல் காலியானால்தான் நிறுத்துவார்.

போன ஆடி மழையில் ஆபீசுக்குள் தண்ணீர் வந்தது. சாகருக்கு நான்கு விரல் கீழே வந்து நின்றது. பிரபு சார் பேண்டைச் சுருட்டிக்கொண்டு அந்த நான்கு விரலை அளந்து பார்த்தார். அடுத்த வாரமே சர்வரைக் கிளவுடுக்குக் கொண்டு போவது என்று முடிவாகிவிட்டது. பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி சிந்தூரா ஹெப்பார் என்ற பெண்ணை அனுப்பியது. முப்பது வயது இருக்கும். நேராகப் பார்த்துப் பேசுகிற பெண். எனக்குப் பிடித்துப் போயிற்று.

முதல் கூட்டத்தில் அவள் சொன்னாள்: "சார், ரெண்டு வழி இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சு மேஞ்சு புதுசா கட்டறது ஒண்ணு. இல்லேன்னா, இருக்கற சர்வரை இருக்கற மாதிரியே ஒரு நகல் எடுத்து, கிளவுட்ல அதே மாதிரி ஒரு மெய்நிகர் மிஷினா எழுப்பறது. வீட்டை இடிக்காம அப்படியே தூக்கி வேற மனையில வைக்கிற மாதிரி. சுத்தம் பண்றது, சீர் பண்றது எல்லாம் அப்புறம்."

"அதான் வேணும்" என்றார் பிரபு சார். "எதையும் மாத்தக் கூடாது. அப்படியே தூக்கணும்."

"பேரும் சாகர்தான் இருக்கும் சார். உங்க ஒவ்வொரு வரைபடமும் இன்னும் நாலு வரைபடத்தை 'சாகர்ல இந்த அலமாரியில இருக்கு'ன்னு முழு விலாசத்தோட தேடுது. பேரை மாத்தினா ஆயிரக்கணக்கான படத்துல தூண் இருக்கும், உத்திரம் இருக்காது."

பிரபு சார் 'வேண்டாம், வேண்டாம்' என்று கையசைத்தார். "மிஷின் எந்த ஊர்ல இருக்கும்?"

"சென்னையில வைக்கலாம்னு இருக்கோம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாரு கோமளா, சாகர் உங்க ஊர்க்காரன் ஆகப்போறான். நீதான் பாத்துக்கணும்." சென்னைக்கும் தர்மபுரிக்கும் இருக்கிற தூரத்தை நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்கு ஏறாது.

நகல் எடுக்கும் முன் கணக்கெடுப்பு. சாகருக்குள் என்ன இருக்கிறது, யார் தொடுகிறார்கள், எப்போது தொடுகிறார்கள், அது நின்றால் எது நிற்கும் என்று முப்பது நாள் கூடவே இருந்து குறித்துக்கொள்ள சிந்தூரா ஒரு கருவியை நிறுவினாள். தவிர ஒரு பெரிய அட்டவணை: பொருள், பயன்படுத்துபவர், நேரம், காரணம், மாற்றம் உண்டா இல்லையா. அதை நிரப்புவது சேசப்பண்ணன் பொறுப்பு.

அந்த அட்டவணை எங்கள் மானத்தை வாங்கியது. 'கடைசி' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'கடைசி புதுசு', அதற்குள் 'இதுதான் கடைசி'. இப்படி உள்ளே உள்ளே போய், விலாசம் நீளமாகி, நகல் எடுக்கிற நிரலே வாயைப் பிளந்துவிட்டது. ஐவி பாயியின் மகன் கல்யாண வீடியோ எட்டு இடத்தில் இருந்தது. 'மண் பரிசோதனை' என்ற கோப்புறையில் மண் இல்லை. பிரபு சார் இருபது வருடமாகச் சேர்த்த யக்ஷகானக் கூத்துப் பதிவுகள் இருந்தன.

"இதெல்லாம் போகணுமா சார்?" என்று சிந்தூரா கேட்டாள்.

"அப்படியேன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் அவர், முகம் சிவக்க.

அதற்குப் பிறகு டாங்கிள். கம்பிக் கணக்கு மென்பொருளுக்கு உரிமம் ஒரு பூட்டுக்குச்சியில் இருக்கிறது. கட்டைவிரல் அளவு; சாகரின் பின்பக்கம் செருகியிருக்கும்; அதைப் பிடுங்கினால் மென்பொருள் ஓடாது.

"இதைக் கிளவுட்ல எங்கம்மா சொருகறது?" என்று சேசப்பண்ணன் கேட்டார்.

"சொருக முடியாதுங்க. அங்க துளையே கிடையாது."

"கூரியர்ல அனுப்பிட்டா அவங்க சொருகிக்க மாட்டாங்களா?" என்றார் பிரபு சார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அனுப்ப முடியாது என்று விளக்கி, ஒரு சின்னக் கணினியை இங்கேயே வைத்து அதில் குச்சியைச் செருகி, உரிமத்தை மட்டும் அது கொடுக்கட்டும் என்று முடிவு செய்ய அரை நாள் போயிற்று.

முப்பது நாள் முடிந்தது. சிந்தூரா பெரிய திரையில் ஒரு கோட்டுப்படத்தைப் போட்டாள். காலையில் ஏறி, மாலையில் இறங்குகிற கோடு. நடுவில் தினமும் ஒரே இடத்தில் ஒரு பள்ளம், வெட்டி எடுத்த மாதிரி.

"இங்கதான் எனக்குப் புரியல. தினம் ஒண்ணேகால்லேர்ந்து ஒண்ணே அம்பத்தஞ்சு வரைக்கும் ஒரு கோப்பைக்கூட யாரும் திறக்கல. என்ன நடக்குது?"

இருபத்து மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

"ரெஸ்ட்" என்றார் சேசப்பண்ணன்.

"யாருக்கு?"

"சாகருக்கு."

"கடல் காத்து" என்றார் ஐவி பாயி அவசரமாக. "உப்பு. மத்தியானம் ரொம்ப ஏறும்." வரைபடக்காரர் ஒருவர் மின்சார வாரியத்தின் மேல் பழி போட்டார். நான் என் பங்குக்குத் தூசி என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்த பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

சிந்தூரா சிரித்தாள். "எதுவா இருந்தாலும் இனிமே கவலை இல்ல. கிளவுட் மிஷினுக்கு ரெஸ்ட் தேவையே இல்ல. ராத்திரி பகல் ஓடும்."

பிரபு சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம்கூட வேண்டாமா?"

"மாசத்துக்கு ஒருதரம் புதுப்பிப்பு போட்டா மறுபடி கிளப்பணும். அதை ஞாயித்துக்கிழமை பண்ணிக்கலாம்."

"ஞாயித்துக்கிழமையா" என்றார் அவர், ரொம்ப மெதுவாக. அவர் ஏன் வாடிப்போனார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றேகால் ஆனால் அவர் காரை எடுத்துக்கொண்டு ரதவீதி வீட்டுக்குப் போய், பருப்புக் குழம்பும் சோறும் சாப்பிட்டு, இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு வருவார். போகும்போதே வாடிக்கையாளர்களிடம் போனில், "சர்வர் டவுன் சார், ரெண்டு மணிக்கு மேல பேசுங்க" என்பார். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் இருக்கிற சந்தோஷத்தை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

அடுத்த பத்து நாள் இந்த ஆபீஸ் அடித்த கூத்துக்கு அளவில்லை. ஒவ்வொருவராக சிந்தூராவைத் தனியே பிடித்தார்கள். கிளவுட் மிஷினுக்கு மூச்சு முட்டாதா? ஓயாமல் ஓடினால் கோப்புகள் தேயாதா? ஐவி பாயி ஒரு கேக் துண்டோடு போய், "நாப்பது நிமிஷம் நிக்கற மாதிரி கொஞ்சம் மட்டமான மிஷின் ஒண்ணு கிடைக்காதா கொழந்தே?" என்று கேட்டார். படித்தவர்கள், கட்டடம் நிற்குமா விழுமா என்று கையெழுத்துப் போடுகிறவர்கள். ஒருவர் வாயிலிருந்தும் 'சாப்பாடு' என்ற வார்த்தை வரவில்லை. என் வாயிலிருந்தும் வரவில்லை; அதற்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு.

நகல் போகப் பதினோரு நாள் பிடித்தது. பகலில் எங்கள் வேலை கெடாமல் மெதுவாகவும், ராத்திரியில் வேகமாகவும் போயிற்று. பிறகு சோதனை. சென்னையில் அந்த நகலைத் தனியாக, வெளி உலகத்தோடு ஒட்டாத ஒரு வலைப்பின்னலில் எழுப்பிப் பார்த்தாள் சிந்தூரா. எந்த நிஜ வேலையையும் அது தொடாது. எழுகிறதா, கோப்புகள் இருக்கின்றனவா, யாருக்கு எது அனுமதி என்பது மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். எல்லாம் சரியாக இருந்தது. சேசப்பண்ணனும் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றேகால் ஆயிற்று. இங்கே இருந்த சாகரை அவர் எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்தார். திரையில் இருந்த சென்னை சாகர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிந்தூரா அன்று சிரிக்கவில்லை. "சேசப்பண்ணா, பதிவேட்டைப் பாத்துட்டேன். மிஷின் ஒண்ணு இருபத்தொண்ணுக்கே எழுந்துடுது. ஒண்ணே அம்பத்தஞ்சு வரைக்கும் பகிர்வை நிறுத்தி வைக்கறது ஒரு ஆள். உங்க பேர்லதான் பதிவாகியிருக்கு. தினமும்."

அவர் திருப்புளியை எடுத்துக் கையில் உருட்டினார்.

"வெள்ளிக்கிழமை பிரபு சாருக்கு அட்டவணை போகணும். அந்த வரியில 'காரணம்' காலியா இருக்கு. நான் பொய் எழுத மாட்டேன். உங்களைக் காட்டிக் குடுக்கவும் எனக்கு மனசு வரல. நீங்களே எழுதிடுங்க."

அவள் டீ குடிக்கப் போனதும் நான் அவர் மேல் பாய்ந்தேன். "பராமரிப்புன்னு எழுதுங்க சேசப்பண்ணா. ஒரு வார்த்தை. யாரு கேக்கப் போறா?"

"கேப்பாங்க. பராமரிப்பு அங்க வேண்டாம்னு எடுத்துடுவாங்க. எல்லாரும் மறுபடி மேசையில சாப்பிடுவீங்க."

"உண்மையை எழுதினா மட்டும் விடுவாரா? பதிமூணு வருஷம் ஏமாத்தியிருக்கீங்க. அம்பத்திரண்டு வயசு. சர்வர் ரூமே இல்லாம போகப் போகுது. வெளிய போன்னுதான் சொல்வாரு."

"சொல்லட்டும்" என்றார். "ஓட்டுத் தொழிற்சாலையில ஆயிரம் டிகிரி சூளை இருந்துது அக்கா. அதையே அணைக்காம, முறை வெச்சு ஆளை அனுப்பி, எல்லாரையும் உக்கார வெச்சு சோறு போட்டாங்க. கம்பி வரையறவனுக்கு முடியாதா?"

தன் வாழ்நாளில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். விசைப்பலகையை இழுத்தார். முழு அட்டவணையும் ஆங்கிலம். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் கன்னடத்தில் 'ஊட்டா' என்று அடித்தார். சாப்பாடு.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கூட்டம். நூற்றுப் பதினேழு வரிகள். பிரபு சார் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து 'அப்படியே, அப்படியே' என்று தலையாட்டிக்கொண்டு வந்தார். எண்பத்தாறாவது வரியில் நின்றார்.

"ஊட்டாவா? சர்வர் என்னய்யா சாப்பிடுது?"

சேசப்பண்ணன் எழுந்து நின்றார். "சர்வருக்கு இல்ல சார். நமக்கு."

"புரியல."

"சாகருக்கு ரெஸ்ட் வேண்டாம் சார். ஆறு நிமிஷம் போதும். மிச்சம் முப்பத்து நாலும் நான் புடிச்சு வெச்சது. எல்லாரும் உக்காந்து சாப்பிடட்டும்னு. வேற யாருக்கும் இதுல பங்கு இல்ல."

"எல்லாருக்கும் தெரியும் சார்" என்றேன் நான். ஒருவழியாக வந்தது வார்த்தை. "பதிமூணு வருஷமா தெரியும்."

பிரபு சாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "அப்ப நான் ஊர் பூரா சர்வர் டவுன், சர்வர் டவுன்னு சொன்னதெல்லாம் பொய்யா? என்னைப் பொய்யன் ஆக்கிட்டியே சேசப்பா! எங்க வம்சத்துல எவனாவது பொய் சொல்லியிருக்கானா?"

"டவுன்தான் சார் இருந்துது" என்றார் சேசப்பண்ணன். "நான்தான் டவுன் பண்ணேன். நீங்க சொன்னது உண்மை."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. சேசப்பண்ணன் அதைப் பார்த்தார். வேலை போகிற நேரத்திலும் பழக்கம் போகவில்லை.

"சேவ் பண்ணுங்கோ" என்றார்.

மடிக்கணினி வைத்திருந்தவர்கள் எல்லோரும் சேவ் செய்தார்கள். பிரபு சாரும் செய்தார். செய்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"இந்த ஆபீசுல லஞ்ச் டைம் கிடையாது" என்றார் கடைசியில். "அன்னிக்கும் கிடையாது, இன்னிக்கும் கிடையாது. நான் இருக்கற வரைக்கும் கிடையாது."

"சரி சார்."

"ஆனா சர்வருக்கு ரெஸ்ட் டைம் உண்டு. அது வேற, இது வேற." சிந்தூரா பக்கம் திரும்பினார். "நீங்கதானே சொன்னீங்க, எதையும் மாத்தாம அப்படியே தூக்கி வைக்கிறதுன்னு? இப்ப ஒண்ணேகாலை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போறேன்னா எப்படி? அதையும் சேத்துத் தூக்குங்க!"

"சார், அந்த மிஷினுக்கு அது..."

"அப்படியேம்மா. அப்படியே."

சிந்தூரா எண்பத்தாறாவது வரியின் கடைசிக் கட்டத்தில் 'மாற்றம் இல்லை' என்று அடித்தாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்ததை நான் பார்த்தேன். அதற்கடுத்த வரியில் 'புதிய மிஷினின் பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே அவள் ஏற்கெனவே சேசப்ப கோட்டியான் என்று போட்டிருந்தாள். பிரபு சார் அதையும் படித்துவிட்டு, "அப்படியே" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டு, கடைசியாக மாறிய கோப்புகளையும் அனுப்பி, இங்கிருந்த சாகரை அணைத்து, சென்னையில் அதே பெயரில் எழுப்பினார்கள். பழைய இயந்திரத்தை ஒரு மாதம் அறையோடு பூட்டி, தொடாமல் வைத்திருக்க வேண்டும்; ஏதாவது கோளாறு என்றால் திரும்பி வர வழி வேண்டும். திங்கட்கிழமை காலை நாங்கள் வந்து திறந்தோம். தூணும் இருந்தது, உத்திரமும் இருந்தது. பெரிய படங்கள் திறக்க முன்பு நான்கு விநாடி. இப்போது பதினைந்துக்கு மேல் ஆயிற்று. தூரத்தால் கொஞ்சம் தாமதம் இருக்கும் என்று சிந்தூரா முன்பே சொல்லியிருந்தாள். "பரவால்ல, அதுக்குள்ள ஒரு பிஸ்கட் சாப்பிடலாம்" என்றார் ஐவி பாயி.

ஒன்று ஐந்துக்கே எல்லார் திரையிலும் எச்சரிக்கை வந்தது. ஒன்றேகாலுக்குப் பகிர்வு தானாக நின்றது. சிந்தூரா எழுதி வைத்த கட்டளை அது, ஆள் தேவையில்லை. ஆனாலும் அதற்கு முன்னால், எல்லோரும் மூடிவிட்டார்களா என்று சேசப்பண்ணன் திறந்த கோப்புகளின் பட்டியலைத் தன் மேசையிலிருந்தே பார்த்துவிட்டு, "கோமளாக்கா, படிக்கட்டு" என்றார். மூடினேன்.

நாங்கள் மேசையைத் துடைத்து நாற்காலிகளை இழுத்துப் போட்டோம். அவர் தன் மேசை பக்கத்திலேயே நின்றார். நிறுத்த ஒன்றுமில்லை, திருக ஒன்றுமில்லை, ஒளிய அறையும் இல்லை. கையில் பாத்திரம்.

"வாங்க சேசப்பண்ணா" என்றேன். வந்தார். உட்கார இடம் இல்லை. பதிமூன்று வருடமாக அந்த மேசையைச் சுற்றி எத்தனை நாற்காலி வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் கணக்குத் தெரியும். அந்தக் கணக்கில் அவர் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஐவி பாயி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தான் ஒரு காகிதப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

அவர் பாத்திரத்தில் குச்சலக்கி என்கிற சிவப்புப் புழுங்கலரிசிச் சோறும், கோவைக்காய்ப் பொரியலும், இரண்டு துண்டு மீனும் இருந்தன. தலையைக் குனிந்து, யாரோ பிடுங்கப் போகிற மாதிரி, மளமளவென்று சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். மணி ஒன்று இருபத்தாறு. எங்கள் பாத்திரங்களில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முட்டி மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னும் அரை மணி இருக்கே" என்றார் என்னிடம், தணிந்த குரலில். "இவ்வளவு நேரம் நீங்கல்லாம் என்னதான் பண்ணுவீங்க?"